20 லோடு என்றார்கள், 42 லோடு ஆனது: பள்ளமான மனைக்கு மண் அடித்த அனுபவம்

மனை உரிமையாளர், முடிச்சூர் பக்கம்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர் பக்கம் எங்களுக்கு ஒரு கிரவுண்டு மனை இருக்கிறது. சாலையோரமாக 40 அடி, உள்நோக்கி 60 அடி, ஆக 2400 சதுர அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பகுதி மூழ்கியதை நேரில் பார்த்தவர்கள் என்பதால், வீடு கட்டத் தொடங்கும் முன்பே மனையைச் சாலையின் நடுமட்டத்தைவிட 1 அடி உயர்த்திவிட வேண்டும் என்று குடும்பத்தில் முடிவு செய்தோம்.

மண் அடிக்கும் ஒப்பந்ததாரர் வந்து தண்ணீர் நிரப்பிய குழாயால் நான்கு மூலைகளிலும் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தார். சராசரியாக இரண்டரை அடிகூட வராது என்றும், 3 யூனிட் வண்டியில் 20 லோடு போதும் என்றும் சொன்னார். கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. ஆனால் மழை பெய்தால் மனையின் நடுவில்தான் தண்ணீர் தேங்கி நிற்கும் என்பதை நாங்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். நடுவில் அளக்காமல் எப்படி முடிவு செய்வது என்ற சந்தேகம் எழவே, கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் என் மைத்துனரை அழைத்தேன்.

அவர் மனையை 20 அடிக்கு 20 அடிக் கட்டங்களாகச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பிரித்தார். ஆறு கட்டங்களும் பன்னிரண்டு புள்ளிகளும் கிடைத்தன. ஒவ்வொரு புள்ளியிலும் நாங்கள் விரும்பும் மட்டத்துக்குத் தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று குறித்தோம்.

சாலையோர வரிசை: 2.0, 2.2, 2.1
இரண்டாம் வரிசை: 2.6, 3.0, 2.7
மூன்றாம் வரிசை: 3.0, 3.8, 3.2
பின்பக்க வரிசை: 2.8, 3.4, 2.9

ஒப்பந்ததாரர் பார்த்தது 2.0, 2.1, 2.8, 2.9 ஆகிய நான்கு மூலைகளை மட்டுமே. அவற்றின் சராசரி 2.45 அடி, அதன்படி 5880 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் ஏறத்தாழ 59 யூனிட், அதாவது 20 லோடு. மைத்துனரோ மூலைப் புள்ளிகளை ஒரு முறையும், ஓரப் புள்ளிகளை இரண்டு முறையும், உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகளை நான்கு முறையும் சேர்த்துக் கூட்டினார். மூலைகள் 9.8, ஓரங்கள் 34.2, உள்புள்ளிகள் 27.2, மொத்தம் 71.2. அதை 4 ஆல் வகுத்து, ஒரு கட்டத்தின் பரப்பான 400 ஆல் பெருக்கியபோது 7120 கன அடி வந்தது.

அதோடு கணக்கு முடியவில்லை. புல்லும் வேரும் சேறும் கலந்த மேல்மண்ணை அரை அடி வழித்து எடுத்துவிட்டுத்தான் புது மண் கொட்ட வேண்டும் என்றார். அந்த 1200 கன அடியும் சேர்ந்து 8320 ஆயிற்று. இது ரோலர் ஓட்டி இறுகிய பிறகு தரையில் இருக்க வேண்டிய அளவு. வண்டியில் வரும் மண் பொலபொலவென்று வருவதால் கால் பங்கு கூட்டி 10,400 கன அடி என்று வைத்துக்கொண்டோம். கடைசியாக, முதல் வண்டி வந்து நின்றதும் பெட்டியின் உள்ளளவை நாடா பிடித்துப் பார்த்தோம்: நீளம் 12.5 அடி, அகலம் 7 அடி, உயரம் 3 அடி. அது 262.5 கன அடிதான், 3 யூனிட் இல்லை. 10,400 ஐ 262.5 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 40 லோடு.

எங்களுக்கு முடிவில் 42 லோடு ஆயிற்று. லோடு ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசியிருந்ததால், 20 லோடுக்கு மட்டும் பணம் ஒதுக்கியிருந்தால் பாதி வேலையில் நின்றிருப்போம். மற்றவர்கள் எப்படிக் கணக்கிட்டீர்கள், எங்கே தவறியது என்று எழுதினால் பலருக்கும் உதவும்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், செங்கல்பட்டு

உங்கள் மைத்துனர் சரியாகச் செய்திருக்கிறார். உள்ளே இருக்கும் ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்கள் சந்திக்கின்றன, மூலைப் புள்ளியோ ஒரே கட்டத்துக்குச் சொந்தம். அதனால்தான் நடுப்பள்ளத்தின் ஆழத்துக்கு நான்கு மடங்கு மதிப்புக் கிடைக்கிறது.

ஆனால் இந்த முறை, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தரை ஒரே சீராகச் சரிகிறது என்று நம்பிச் செய்யப்படுவது. பணியில் இருந்த காலத்தில் ஓர் இடத்தில் 10 மீட்டர் கட்டம் போட்டு அளந்தோம். கோரைப்புல் மூடிய பழைய வாய்க்கால் ஒன்று இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடியது எந்தப் புள்ளியிலும் சிக்கவில்லை. மண் கொட்டத் தொடங்கிய பிறகு, கொட்டக் கொட்ட அந்தப் பக்கம் மட்டும் நிரம்பாமல் இருந்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து, கட்டப் புள்ளிகளை எடுத்து முடித்ததும் மனையை ஒருமுறை நடந்து பார்த்து, வாய்க்கால், குழி, வரப்பு எது இருந்தாலும் அதைத் தனியாக நீளம், அகலம், ஆழம் அளந்து சேர்த்துவிடுவேன்.

இன்னொன்று, எந்த மட்டத்தை அடிப்படையாக வைத்தீர்களோ அந்தக் குறியை மனைக்கு வெளியே, அசையாத ஒன்றில் வைத்திருக்க வேண்டும். மனைக்குள் அடித்த முளை முதல் நாளே புதைந்துவிடும், பிறகு எதை வைத்தும் சரிபார்க்க முடியாது.

மேஸ்திரி, விழுப்புரம்

நான் இருபது வருடமாக மண் அடிக்கும் வேலை செய்து தருகிறேன். இவ்வளவு பெருக்கல் தேவையில்லை. எல்லாப் புள்ளிகளையும் கூட்டிப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி ஆழம் வந்துவிடும். அதோடு முப்பது சதவீதம் சேர்த்துச் சொல்லிவிடுவேன், இதுவரை பெரிதாகத் தவறியதில்லை. ஆனால் வண்டிப் பெட்டியை அளக்க வேண்டும் என்று சொன்னது மிகவும் உண்மை. ஒரே 3 யூனிட் என்று சொல்லப்படும் வண்டிகளில் பெட்டி வேறு வேறாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், செங்கல்பட்டு

தரை ஒரு பக்கமாகச் சீராகச் சரிந்திருந்தால் உங்கள் முறையும் அதே விடையைத்தான் தரும், மேஸ்திரி. இந்த மனை நடுவில் பள்ளமாக இருப்பதுதான் வேறுபாடு. பன்னிரண்டு புள்ளிகளின் கூட்டல் 33.7, வகுத்தால் 2.81 அடி, அதன்படி 6740 கன அடி. சரியான அளவைவிட 380 குறைவு. நீங்கள் சேர்க்கும் முப்பது சதவீதம் இந்தக் குறையையும் சேர்த்து மூடிவிடுகிறது. அதனால்தான் தவறியதாகத் தெரியவில்லை. ஆனால் மேல்மண் வழிப்பதை அதில் சேர்க்கவில்லை என்றால் இவருடைய மனையில் 8762 கன அடியோடு நின்றிருப்பீர்கள், தேவைப்பட்டதோ 10,400.

வீட்டுக்காரர், திருவாரூர்

எங்கள் அனுபவம் வேறு. பக்கத்தில் குளம் வெட்டிய களிமண் மலிவாகக் கிடைத்தது என்று அதையே கொட்டினோம். கால் பங்கு கூடுதல் என்ற கணக்கைத்தான் எங்களுக்கும் சொன்னார்கள். மண் கட்டி கட்டியாக வந்ததால் இடையில் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பது வெளியே தெரியவில்லை. ரோலரும் ஓட்டவில்லை, ஜேசிபி மேலும் கீழும் போனதையே இறுகியதாக எடுத்துக்கொண்டோம். அடுத்த ஐப்பசி மழை முடிந்தபோது மனை அரை அடிக்கு மேல் இறங்கியிருந்தது. அதுவும் ஒரே சீராக இல்லை, நடுவில் மறுபடியும் குளம் போலத் தண்ணீர் நின்றது. வெயில் காலத்தில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விட்டன. மறுபடி பத்து லோடு கிராவல் வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே கால் பங்கு என்பதை எல்லா மண்ணுக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக வீடு கட்டுபவர், மதுரை

எனக்கும் இதே சந்தேகம்தான். என் வீட்டின் பேஸ்மெண்ட் 25 அடிக்கு 30 அடி, இரண்டரை அடி உயரம் நிரப்ப வேண்டும். நானும் கட்டம் போட்டு டியூப் லெவல் பிடிக்க வேண்டுமா?

மேஸ்திரி, விழுப்புரம்

உங்களுடையது வேறு வேலை. அஸ்திவாரச் சுவர்களுக்குள் தரை பெரும்பாலும் ஒரே மட்டமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அறையின் உள்ளளவையும் தனியாக எடுத்து, உள்ளே ஏற்கெனவே கிடக்கும் அஸ்திவாரம் தோண்டிய மண்ணின் உயரத்தைக் கழித்து, மீதி உயரத்தால் பெருக்கினால் போதும். 25 ஐயும் 30 ஐயும் அப்படியே பெருக்கினால் சுவர் பிடிக்கும் இடத்துக்கும் மண் வாங்கிவிடுவீர்கள்.

மனை உரிமையாளர், முடிச்சூர் பக்கம்

திருவாரூர் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு, நாங்கள் இடையில் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கால் பங்கு என்பதை மைத்துனரும் நிச்சயமாக நம்பவில்லை. அதனால் மேல்மண்ணை வழித்ததும் பன்னிரண்டு புள்ளிகளிலும் மறுபடி அளந்தோம். முதல் 10 லோடு கொட்டி, முக்கால் அடிக்கு மேல் போகாத அடுக்குகளாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி முடித்ததும் மீண்டும் அளந்தோம். இரண்டு கணக்குக்கும் இடையில் நிரம்பியிருந்தது 2100 கன அடி. வண்டியில் வந்தது 2625. வகுத்தால் சரியாக 1.25. எங்கள் கிராவலுக்கு அந்த எண் பொருந்துகிறது என்று அப்போதுதான் துணிந்து மீதி லோடுகளுக்குச் சொன்னோம். களிமண்ணாக இருந்திருந்தால் அந்தப் பத்தாவது லோடிலேயே வேறு எண் தெரிந்திருக்கும்.

40 என்று கணக்கிட்டது 42 ஆனதற்கு இரண்டு காரணங்கள் தோன்றுகின்றன. ஒரு நாள் மழையில் நனைந்த மண் வந்து, கொட்டிய பிறகும் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டே திரும்பிப் போனது. பின்பக்கம் இன்னும் மதில் கட்டாததால் மண் அடுத்த மனைக்குள் சரிந்தது, அந்தச் சரிவை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

குடும்பத் தலைவி, திருவள்ளூர்

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் மனைக்கு வண்டிகள் இரவில்தான் வந்தன. காலையில் 9 லோடு என்று சொன்னார்கள், சக்கரத் தடத்தையும் குவியல்களையும் எண்ணினால் 7 தான். அடுத்த நாளிலிருந்து என் மகன் வாசலில் நின்று, ஒவ்வொரு வண்டியும் கொட்டுவதற்கு முன் ஏணி வைத்து ஏறி, மண் பெட்டி விளிம்பு வரை இருக்கிறதா என்று குச்சி வைத்துப் பார்த்து, வண்டி எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதினான். நடைச்சீட்டையும் கேட்டு வாங்கி வைத்தோம். இரண்டு வண்டிகளில் மேலே செம்மண்ணும் அடியில் இடித்த கட்டடத்தின் செங்கல், காங்கிரீட் துண்டுகளும் இருந்தன. அவற்றைத் திருப்பி அனுப்பினோம். குச்சி ஓர் அடிக்கு மேல் இறங்காமல் நின்றதுதான் அடையாளம்.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர், செங்கல்பட்டு

அம்மா சொன்ன குச்சிச் சோதனை நல்ல யோசனை. முடிச்சூர் நண்பருக்கு ஒரு கேள்வி. பின்பக்கம் மூன்றரை அடிக்கு மேல் புது மண் நிற்கிறது. மதில் கட்டும்போது அது வெறும் சுற்றுச்சுவராக இல்லாமல் மண்ணின் தள்ளலைத் தாங்கும் சுவராக வடிவமைக்கப்பட வேண்டும், வீட்டின் அஸ்திவாரமும் கொட்டிய மண்ணைக் கடந்து பழைய தரைக்குள் இறங்க வேண்டும். இதற்கு வழி செய்திருக்கிறீர்களா?

மனை உரிமையாளர், முடிச்சூர் பக்கம்

அஸ்திவாரத்தைப் பழைய தரைக்குள் 4 அடி இறக்கச் சொல்லியிருக்கிறார்கள். மதிலைப் பற்றி மைத்துனரும் ஒப்பந்ததாரரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் கருங்கல் கட்டு என்கிறார், மற்றவர் காங்கிரீட் சுவர் என்கிறார். ஒரு மழைக்காலம் முழுவதும் மண்ணை அப்படியே விட்டு, தை மாதம் பன்னிரண்டு புள்ளிகளிலும் மறுபடி அளந்து பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றிருக்கிறோம். குறியைப் பக்கத்து வீட்டுத் தூணில் வைத்திருக்கிறோம், அளந்ததும் எண்களை இங்கே எழுதுகிறேன்.