ரிபேட் கழிக்காமல் டிடிஎஸ் பிடிக்கிறார்கள், எப்படி நிறுத்துவது?

2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. ஆண்டுச் சம்பளம் 9,60,000 ரூபாய், வேறு வருமானம் இல்லை. ஆனாலும் ஏப்ரலிலிருந்து மாதம் 2,470 பிடிக்கிறார்கள்.

நான் போட்ட கணக்கு: நிலையான கழிவு 75,000 போக 8,85,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5% என 20,000, மீதி 85,000-க்கு 10% என 8,500. மொத்தம் 28,500. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாததால் 87ஏ ரிபேட்டில் முழுவதும் கழிந்து பூஜ்யமாக வேண்டும்.

28,500-உடன் 4% செஸ் சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் சரியாக 2,470! அதாவது நிலையான கழிவைக் கழித்தவர்கள் ரிபேட்டை விட்டுவிட்டார்கள். டிக்ளரேஷனில் புதிய முறைதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அக்கவுண்ட்ஸில் கேட்டால், "ஸ்லாப்பில் வரி வருகிறதே" என்கிறார்கள்.

பிடித்த தொகையை அலுவலகமே சரிக்கட்ட முடியுமா, இல்லை ரிட்டர்ன் போட்டுத்தான் ரீஃபண்ட் வாங்க வேண்டுமா?