புதுப்பிப்பு: நியமிப்பின் நிச்சயமின்மைக் கணக்கு

என் கேள்வி: "0.1 M சோடியம் ஐதரொட்சைட்டை நியமம் பார்க்கும்போது அளவி, தராசு, முடிவுப்புள்ளி மூன்றையும் எப்படிச் சேர்ப்பது? கணக்கு பெரிதாக வருகிறதே?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது ஹட்டன் அக்கா சொன்னதுதான்: திரும்பத் திரும்பச் செய்த வாசிப்புகளின் நியம விலகலுக்குள் முடிவுப்புள்ளியின் தடுமாற்றம் ஏற்கெனவே இருக்கிறது, கடைசித் துளிக்கென்று இன்னொரு வரி போட்டால் அது இரட்டைக் கணக்கு. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

25 மி.லீ. கனவளவுக்கு இப்போது இப்படி. 50 மி.லீ. அளவியின் பொறுதி ±0.05, பிழை எல்லையை விட நடுவிலேயே அதிகம் வரும் என்று எடுத்து √6 ஆல் வகுத்தால் 0.020. நியம விலகல் 0.03. ஆய்வுகூட வெப்பநிலை 20 °C இலிருந்து 4 பாகை விலகலாம் என்று எடுத்து, அதனால் வரும் கனவளவு மாற்றத்தை √3 ஆல் வகுத்தால் 0.012. வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 0.038 மி.லீ., அதாவது 0.15%. துளி வரியோடு இது 0.19% ஆக இருந்தது.

எல்லாவற்றையும் √3 ஆல் வகுக்கச் சொன்ன தம்பி பாதி சரி. எல்லை மட்டும் தெரிந்து, வேறெதுவும் தெரியாதவற்றுக்கு அது பொருந்தும். நியம விலகலை வகுக்கக்கூடாது.

எதிர்பாராதது தராசு. நியமம் பார்க்க நிறுத்த 0.51 கிராம் தலேற்று உப்பில் தராசின் நிச்சயமின்மை 0.15 மி.கி. என்பது 0.03% தான். அதைச் சேர்த்தும் மொத்தம் 0.155%; k=2 இல் 0.1000 ± 0.0003 M. புதுத் தராசு கேட்பதில் பயனில்லை.

நுவரெலியாக் காலைக் குளிரில் கரைசல் எப்போதும் 20 °C இற்குக் கீழேதான். அப்படியென்றால் அதை நிச்சயமின்மையில் விடாமல் திருத்தமாகவே போட வேண்டுமா? அக்காவும் நானும் இன்னும் உடன்படவில்லை.