உதவி: தேர்வுக் குழுவுக்கு விண்ணப்பக் கடிதம், விளி எப்படி எழுதுவது? (அவசரம்)

கயல்_மதுரை: ஒரு அறக்கட்டளையின் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன். குழுவில் ஐந்து பேர். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதி முடித்துவிட்டேன், இப்போது பார்த்தால் உறுத்துகிறது. மாற்றினால் கடிதம் முழுவதையும் மாற்ற வேண்டுமா? நாளைக்குள் போக வேண்டும்.

வைகைக்கரை: தமிழிலா ஆங்கிலத்திலா? தபாலா மின்னஞ்சலா? குழுவில் பெண்கள் உண்டா?

பழைய_மாணவன்: அறிவிப்பில் யாருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்? அதைச் சொல்லாமல் எப்படி உதவுவது?

தமிழாசிரியர்_சேலம்: அனுப்புநர், பெறுநர், விளி, பொருள். இதெல்லாம் பள்ளியிலேயே சொல்லித்தந்த பாடம். ஆய்வு செய்ய வருகிறவர் இதைக் கேட்பது வருத்தமாக இருக்கிறது. 'ஐயா' என்பது பொதுச்சொல். அப்படியே அனுப்புங்கள்.

செல்வி_தஞ்சை: உள்ளே போனதும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொன்னால் போதும். ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

வைகைக்கரை: செல்வி அக்கா, அது நேர்காணலுக்கு. இவர் கேட்பது கடிதத்துக்கு.

கயல்_மதுரை: மன்னிக்கவும். தமிழில், தபாலில். இரண்டு பேர் பெண்கள். 'செயலர், தேர்வுக் குழு' என்று முகவரி கொடுத்திருக்கிறார்கள். ஐந்து பேரின் பெயரும் அவர்கள் தளத்தில் இருக்கிறது. பெயர்களைப் போடலாமா?

நூலகத்து_மணி: போடாதீர்கள். நான் ஒருமுறை ஒரு விருதுக் குழுவுக்கு ஐந்து பெயரையும் வரிசையாகப் போட்டு எழுதினேன். இடையில் ஒருவர் மாறியிருந்தார், எனக்குத் தெரியாது. விலகிப்போனவர் பெயரோடு கடிதம் போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்தவர் அதைப் படித்தபோது என்ன நினைத்திருப்பார் என்று இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அலுவலக_அனுபவம்: முப்பது வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். பெறுநரும் விளியும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். பெறுநர் என்பது உறை யார் மேசைக்குப் போகிறது என்பதற்கு. அங்கே செயலர் ஒருவர் போதும். விளி என்பது யார் படிக்கப்போகிறார்கள் என்பதற்கு. செயலர் கடிதத்தைப் படியெடுத்து ஐந்து பேருக்கும் கொடுப்பார். 'ஐயா' என்று இருந்தால் அந்த இரண்டு அம்மாக்களும் இது தமக்கு எழுதியதில்லை என்று நினைக்க இடமுண்டு. 'ஐயா/அம்மையீர்' என்று போட்டால், ஒரே ஆள், ஆணா பெண்ணா என்று தெரியவில்லை என்பது போலப் படிக்கும். 'மதிப்பிற்குரியீர்' என்று எழுதுங்கள். ஆண், பெண், ஒருவர், பலர் எல்லோருக்கும் அது பொருந்தும்.

பழைய_மாணவன்: 'மதிப்பிற்குரிய உறுப்பினர்களே' கூடாதா?

அலுவலக_அனுபவம்: 'களே' என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கும். அப்புறம் தலைவரும் செயலரும் வெளியே நிற்பார்கள்.

யாழ்_வாசகன்: எங்கள் பக்கம் இதைத் 'தெரிவுக்குழு' என்றுதான் எழுதுவோம். தேர்வு என்றால் பரீட்சை அல்லவா?

தமிழாசிரியர்_சேலம்: தேர்தல் என்றாலே தெரிந்தெடுத்தல்தான். பரீட்சை பிற்காலப் பொருள். 'தேர்வுக் குழு' தவறே இல்லை.

யாழ்_வாசகன்: தவறு என்று சொல்லவில்லை ஐயா. பாராளுமன்றத்திலும் எங்களுக்குத் தெரிவுக்குழுதான். பொருள் மயங்காத சொல் இருக்கும்போது அதை எடுக்கலாமே என்றேன்.

வைகைக்கரை: அறிவிப்பில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே கயல் எழுதட்டும். உங்கள் வாதத்தைத் தனி இழையில் தொடருங்கள்.

கயல்_மதுரை: விளியை மாற்றிவிட்டேன். ஆனால் உள்ளே இப்படி இருக்கிறது: 'தாங்கள் என் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பீர்கள் என நம்புகிறேன். குழு எனக்கு வாய்ப்பளிப்பார்கள் என்றும் எதிர்பார்க்கிறேன்.'

அலுவலக_அனுபவம்: 'தாங்கள்' ஒருவருக்கும் பலருக்கும் வரும், அதை விடுங்கள். இரண்டாவது வரியில்தான் பிழை. குழு அஃறிணை ஒருமை, 'குழு வாய்ப்பளிக்கும்'. 'குழுவினர்' என்றால்தான் 'அளிப்பார்கள்'. தவிர, முதல் வரியில் அவர்களோடு பேசிவிட்டு அடுத்த வரியில் அவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். இரண்டையும் சேர்த்து, 'என் விண்ணப்பத்தைப் பரிசீலித்து வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியுங்கள். 'அளிக்குமாறு' என்பதில் ஒருமை, பன்மை, ஆண், பெண் எதுவும் வெளியே தெரியாது. 'நம்புகிறேன், எதிர்பார்க்கிறேன்' என்ற நெருக்குதலும் போய்விடும்.

தமிழாசிரியர்_சேலம்: இது சரி. ஆனால் 'ஐயா' பொதுச்சொல் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

செல்வி_தஞ்சை: என் பேராசிரியை இருந்த குழுவுக்கு 'ஐயா' என்று வந்த கடிதங்களை அவர் படித்துவிட்டுப் பேசாமல் அடுத்தவரிடம் நகர்த்துவார். மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார், ஆனால் முகம் மாறும். பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

நூலகத்து_மணி: கயல், குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கடிதத்தில் அதைக் குறிப்பிட வேண்டாம். பல அறிவிப்புகளில் பரிந்துரை தேடினால் விண்ணப்பம் தள்ளப்படும் என்றே இருக்கும்.

கயல்_மதுரை: ஒருவர் என் முன்னாள் ஆசிரியர். அந்த வரியை எடுத்துவிட்டேன். காலையில் விரைவுத் தபாலில் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

பழைய_மாணவன்: அவர் உங்கள் ஆசிரியர் என்பதைச் செயலருக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டாமா? மறைத்ததாக ஆகாதா?