அவசர ஆர்டர் கேட்டவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? உங்கள் அனுபவம்

முத்தியால்பேட்டை அச்சகம்

போன ஐப்பசியில் நடந்தது. இன்னும் மனதைக் குடைகிறது, அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஒருவர் வந்தார். மகள் திருமணத்துக்கு 500 பத்திரிகை. தடித்த சொரசொரப்பு அட்டை, முகப்பு முழுவதும் அரக்கு நிறம், அதன்மேல் தங்க ஃபாயில் தாளில் பிள்ளையார். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கையில் வேண்டும் என்றார். இந்த வேலைக்கு நாங்கள் வழக்கமாக ஏழு நாள் கேட்போம். பத்திரிகைக்கு 14,000 ரூபாய், அவசரக் கட்டணம் 3,500 என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்யாண வீட்டுக்காரன் அவசரத்தில் நிற்கிறான் என்று தெரிந்துதானே இந்தத் தொகை?" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்தச் சீட்டை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் மழையில் நின்றார். அந்த மடித்த சீட்டுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்து, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "அண்ணா, வெள்ளிக்கிழமை எத்தனை பத்திரிகை கொடுக்கப் போகிறீர்கள்?" அன்று குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை, பிறகு தாய்மாமன் வீடு, பண்ருட்டிப் பக்கத்துச் சொந்தங்கள். மனைவியிடம் தொலைபேசியில் கேட்டு, அறுபது போதும் என்றார். மீதி அடுத்த வாரம்தான்.

அந்த எண் கிடைத்ததும் வேலையே மாறிவிட்டது. அரக்கு மை முழுப் பரப்பில் விழும்போது கெட்டியாக விழும். 500 தாளையும் அடுக்கிவைத்தால் நடுவில் இருப்பவற்றுக்குக் காற்றே படாது, ஐப்பசி ஈரத்தில் ஒன்றரை நாள்கூட ஆகும். அறுபதை மட்டும் தனித்தனியாகத் தட்டுகளில் பரப்பி மின்விசிறி போட்டால் ஒரு நாளில் காய்ந்துவிடும். காயாத மைமேல் ஃபாயில் சரியாக ஒட்டாது. கட்டிங் இயந்திரம் அழுத்தும்போது மேல் தாளின் முதுகில் அரக்கு ஏறிவிடும். எத்தனை ஆளைப் போட்டாலும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் இதைச் சுருக்க முடியாது.

அன்றிரவே வாட்சப்பில் அவருக்கு இப்படி எழுதினேன்:

"அண்ணா, வெள்ளி காலை ஆறு மணிக்கு 60 பத்திரிகை தருகிறேன். மீதி 440 அடுத்த புதன்கிழமை. அவசரக் கட்டணம் 3,500 இல்லை, 2,800. பிள்ளையாரைப் பதிக்கும் அச்சு பிளாக்கைச் சென்னையில் அன்றே செய்து பஸ்ஸில் வரவழைக்க 600. வியாழன் இரவு ஓர் ஆளுக்கு 700. இப்போது இயந்திரத்தில் ஓடும் வேறொருவர் வேலையை நிறுத்தி, கழுவி, உங்கள் வேலையை ஏற்றி, பிறகு மறுபடி அவருடையதை ஏற்ற 1,500. அதில் 500 ரூபாயை அவருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறேன். இன்று இரவு ஒன்பதரைக்குள் புரூஃப் பார்த்துச் சரி என்று எழுதினால்தான் இந்த நேரம் பொருந்தும். எங்கள் பக்கம் தவறினால் 2,800 திரும்பத் தருவேன்."

"அறுபதுதானே, 500 ரூபாய் போதாதா?" என்று கேட்டார். இயந்திரத்தை நிறுத்திக் கழுவும் செலவு அறுபதுக்கும் ஐந்நூறுக்கும் ஒன்றுதான், அறுபது என்பதால் குறைந்திருப்பது இரவு வேலைக் கூலி மட்டும் என்றேன். ஒப்புக்கொண்டார்.

ஆனால் புரூஃப் சரி என்று பதில் வந்தது புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. பெரிய அத்தை பெயர் விட்டுப்போயிருந்ததாம், வீட்டில் பேசி முடிக்க அவ்வளவு நேரம். பதிமூன்றரை மணி நேரம் போய்விட்டது. புதன் மாலை நாலு மணிக்கு அச்சாகி முடிந்தது. வியாழன் மாலை நாலு மணிக்குக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், ரேகை பதிந்தது. இரவு ஒன்பதுக்கு வெள்ளைத் துணியால் தேய்த்தேன், துணியில் லேசாக நிறம். பதினொன்றரைக்குத்தான் துணி சுத்தமாக வந்தது. அதன்பிறகு தங்க ஃபாயிலை ஒட்டி, பத்துப் பத்தாக வெட்டி, வெள்ளி காலை ஆறேகாலுக்குக் கொடுத்தேன். பணத்தை முழுவதும் கொடுத்துவிட்டுப் போனார், முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த முதல் சீட்டை அப்படி எழுதியிருக்கக் கூடாது.

மஞ்சக்குப்பம் தையல்

அக்கா, உங்களுக்காவது மை காய்ந்ததா என்று தேய்த்துப் பார்க்கத் தோன்றியது. நான் தோன்றியும் விட்டுவிட்டேன்.

ஒரு பெண் காலை பத்து மணிக்குப் பட்டுப் புடவையோடு வந்தாள், மறுநாள் மாலை நிச்சயதார்த்தம். ஆரி வேலை முடியாது, சாதாரண ரவிக்கை முடியும், தையற்கூலிக்கு மேல் 400 என்றேன். உடனே சம்மதித்தாள். உள்ளே வைக்கும் பருத்தி லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். அன்று மழை, துணி காயாது. நனைக்காமலே வெட்டினேன். போட்டபோது அழகாக இருந்தது. முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேலே பட்டு முழுவதும் சுருக்கம் சுருக்கமாக நின்றது. அதைக் கொண்டுவந்து விரித்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. 400 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, லைனிங் பிரித்து மாற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் எந்த வேலையை விடுகிறோம் என்பதைக் கட்டணம் சொல்லும்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளே லைனிங் வேண்டாம் என்றிருப்பாள்.

லாரன்ஸ் ரோடு விளம்பரப் பலகை

முத்தியால்பேட்டை அம்மா செய்ததில் ஒன்று எனக்குச் சம்மதமில்லை. செலவைப் பிரித்து எழுதவே கூடாது. நான் ஒருமுறை எழுதினேன். கடைப் பெயர்ப்பலகை, எல்.இ.டி. எழுத்து, ஐந்து நாள் வேலையை ஒரு கடைக்காரர் இரண்டு நாளில் கேட்டார். எழுத்து வெட்டப் புதுச்சேரி போய்வர 500, இரவு வேலை 1,200, ஏற்றிப் பொருத்த ஞாயிறு கூலி 800 என்று எழுதினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் பிடித்தார். "எழுத்தை நானே பைக்கில் எடுத்துவருகிறேன், 500 கழியுங்கள்." கழித்தேன். மதியம் வரவேண்டிய எழுத்தை இரவு எட்டு மணிக்குக் கொண்டுவந்தார், அதில் ஓர் எழுத்து வழியிலேயே உடைந்திருந்தது. திறப்பு விழாவில் பலகை 'ம்' இல்லாமல் எரிந்தது. கடைக்காரரின் வயதான அப்பா கீழே நின்று அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கூலியில் பாதி அவசரக் கட்டணம், ஒரே தொகை, பேரம் இல்லை. பில்லிலும் சேர்ப்பதில்லை. அது பொருளுக்கான விலை இல்லையே, அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

நெல்லித்தோப்பு கணக்கர்

பலகைக்கார நண்பரே, கடைசியில் சொன்னது தவறு. உங்களுக்குச் சிக்கல் வரும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். எனக்குப் பெரிய கதை இல்லை. என் வாடிக்கையாளர் ஒருவர் உங்களைப் போலவே அவசரத் தொகையைத் தனியாக ரொக்கமாக வாங்கிவந்தார், பிறகு ஒரு நிறுவனம் முழுத் தொகைக்கும் பில் கேட்டபோது தடுமாறினார். அவ்வளவுதான்.

2017 ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15ஆவது பிரிவில் இது இருக்கிறது. பொருளைக் கொடுப்பதற்கு முன்போ கொடுக்கும்போதோ, அதற்காக நீங்கள் செய்யும் எந்த வேலைக்கு வாங்கும் தொகையும் அந்தப் பொருளின் மதிப்பில் சேரும். ஆகவே பலகைக்கு என்ன விகிதமோ அதே விகிதம் அவசரத் தொகைக்கும். பில்லிலேயே தனி வரிசையில் எழுதலாம், பில்லுக்கு வெளியே வைக்கக் கூடாது. சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே முடியாது என்பதால், அவர் கட்டணத்தை முடிவு செய்யும்போதே அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இன்னொன்று. முத்தியால்பேட்டை அம்மா "எங்கள் பக்கம் தவறினால்" என்று எழுதியது நல்லது, ஆனால் போதாது. ஒன்பதரைக்குப் பிறகு புரூஃப் சரி என்று வந்தால் என்ன ஆகும் என்று எழுதவில்லை. தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் கொடுக்கும் நேரமும் அவ்வளவு தள்ளிப்போகும், கட்டணம் குறையாது என்று ஒரு வரி வேண்டும். அந்த வாடிக்கையாளர் காலை பதினொரு மணிக்கு எழுதியபோதே புதிய நேரத்தைச் சொல்லி மறுபடி சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். முன்பணத்தில் அவசரத் தொகையை முழுவதும் வாங்கிவிடுங்கள், ஏனென்றால் பிளாக் செலவும் இரவுக் கூலியும் ஆர்டர் ரத்தானாலும் திரும்பாது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

நான் கடை வைத்திருப்பவன் இல்லை, பணம் கொடுத்தவன். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்குப் படம் சட்டம் போடக் கொடுத்தேன். ஒரே நாளில் வேண்டும் என்று 300 கூடுதலாகக் கொடுத்தேன். மறுநாள் போனால் கடை பூட்டியிருந்தது. வெறும் படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து மாலை போட்டோம். மூன்று நாள் கழித்துச் சட்டம் கிடைத்தது, 300 ரூபாயைப் பற்றி அவர் பேசவே இல்லை, நானும் கேட்கவில்லை. முடியாது என்று முதல்நாளே சொல்லியிருந்தால் வேறு இடம் போயிருப்பேன். இங்கே எல்லோரும் எவ்வளவு வாங்கலாம் என்றே பேசுகிறீர்கள்.

வில்லியனூர் சுடுமண்

ஐயா, முடியாது என்று சொன்னவன் நான்.

ஒரு விடுதிக்கு மூன்றடி உயரக் குதிரை இரண்டு, எட்டு நாளில். இரட்டிப்புப் பணம் தருவதாகச் சொன்னார்கள். நிழலில் காயவே பத்து நாளுக்கு மேல் வேண்டும். வெளியே காய்ந்ததுபோல் வெளுத்திருக்கும், கால் சேரும் இடத்தில் தொட்டால் குளிர்ச்சி இருக்கும். அந்தக் குளிர்ச்சியோடு சூளையில் வைத்தால் உள்ளே நீர் ஆவியாகி வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் மற்றவர் பொருளையும் உடைக்கும். ஏற்கெனவே சுட்டுவைத்த ஒன்றரை அடிக் குதிரைகள் நான்கு இருக்கின்றன, வழக்கமான விலைக்கே நாளை தருகிறேன் என்றேன். வந்த மேலாளர் மூன்றடிதான் வேண்டும் என்று போய்விட்டார். பிறகு அந்த வழியாகப் போனபோது வாசலில் ஃபைபர் குதிரைகள் நின்றன. இரட்டிப்புப் பணம் அந்த மாதம் எனக்கு மிகவும் தேவையாக இருந்தது.

முத்தியால்பேட்டை அச்சகம்

தாமதத்தைப் பற்றிக் கணக்கர் ஐயா சொன்ன அந்த வரியை இப்போது எங்கள் புரூஃபின் அடியிலேயே அச்சடித்துவிட்டேன். செலவைப் பிரித்து எழுதுவதை மட்டும் நிறுத்த மாட்டேன். பேரம் பேசட்டும், பிளாக்கை நானேதான் வரவழைப்பேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் அண்ணா, அந்த 300 ரூபாயைக் கேளுங்கள். கேட்பது தவறே இல்லை.