அங்கைத் தமனி: வளையமா, வில்லா?

அன்புடையீர்,

செவிலியர் பாடநூல் ஒன்றுக்காக, உள்ளங்கையில் இருக்கும் இரண்டு தமனி இணைப்புகளுக்குப் பெயர் தேடுகிறேன். கட்டைவிரல் பக்கம் இறங்கும் ஆரைத் தமனியும் சுண்டுவிரல் பக்கம் இறங்கும் அரந்தித் தமனியும் அங்கே கூடுவதால், ‘அங்கைத் தமனி வளையம்’ என்று எழுதியுள்ளேன். ஒன்று அடைபட்டால் மற்றொன்று சுற்றி வந்து விரல்களுக்கு ஊட்டும் என்பது பெயரிலேயே விளங்கும். தோலை அடுத்திருப்பதை ‘மேல் வளையம்’ என்றும், எலும்பை ஒட்டியதைக் ‘கீழ் வளையம்’ என்றும் சொல்லலாமா?

— பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

ஐயா,

இணைப்பு உண்டு என்பது சரி. ஆனால் வளையம் என்றால் அது எல்லாக் கைகளிலும் மூடியே இருக்கும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பெரிதும் ஆரைத் தமனியால் அமையும் ஆழமான இணைப்பு பெரும்பாலான கைகளில் முழுமையாக இருக்கிறது. அரந்தித் தமனியின் தொடர்ச்சியான மற்றதோ, பல கைகளில் கட்டைவிரல் பக்கத்தில் எதனுடனும் சேராமல் நின்றுவிடுகிறது. ஆகவே ‘வில்’ என்பதே பொருந்தும். மேல், கீழ் என்பவையும் குழப்பும்: ஆழமான வில் மணிக்கட்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. நெருக்கமாக இருப்பதால், கையைத் தொங்கவிட்டால் உங்கள் ‘கீழ்’ வளையம்தான் மேலே நிற்கும். ‘மேலோட்ட அங்கை வில்’, ‘ஆழ் அங்கை வில்’ என்பன என் பரிந்துரை.

— உடற்கூற்றியல் ஆசிரியை, ஓய்வு

அம்மா,

பெயரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. என் தந்தைக்கு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். பிறகு எடுத்த டாப்ளர் ஸ்கேனில் ஆரைத் தமனி அடைபட்டிருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் அதே மணிக்கட்டில் துடிப்பு கைக்குத் தெரிகிறது, விரல்களும் சூடாக இருக்கின்றன. ஸ்கேன் தவறா?

— வாசகர்

ஐயா,

ஸ்கேன் சரியாகவே இருக்கலாம். அரந்தித் தமனியின் குருதி அங்கை வில்களைக் கடந்து, அடைப்புக்கு அப்பால் ஆரைத் தமனிக்குள் பின்னோக்கிப் பாய்வதால் அங்கேயும் துடிப்பு எழும். கட்டைவிரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, மணிக்கட்டில் அரந்தித் தமனியை மட்டும் அழுத்துவார்கள். ஆரைத் தமனி திறந்திருந்தால் திரையில் அலை தொடரும், அடைபட்டிருந்தால் மறையும். விரல் வெளுத்தாலோ, குளிர்ந்தாலோ, வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். 1929-இல் ஆலன் என்ற மருத்துவர் விவரித்த, மணிக்கட்டில் தமனியை அழுத்திப் பார்க்கும் சோதனையில் உள்ளங்கை சிவக்கும் நேரத்தைக் கண்ணால் பார்ப்பதால், பார்ப்பவருக்குப் பார்ப்பவர் முடிவு மாறுகிறது; விரல்களை அளவுக்கு மீறி விரித்தாலே உள்ளங்கை வெளுத்துத் தெரியும்.

— உடற்கூற்றியல் ஆசிரியை

அன்பர்களே,

இலங்கைப் பாடநூல்களில் தமனியை ‘நாடி’ என்பதால், நாங்கள் ‘அங்கை நாடி வில்’ என்போம். ஆனால் மேலே சொன்ன நோயாளியைப் பற்றி எழுதும்போது, நாடி அடைபட்டும் நாடி துடிக்கிறது என்று எழுத நேரும். இந்த இடத்தில் மட்டும் தமனி தெளிவாக இருக்கிறது.

— யாழ்ப்பாண வாசகர்

அம்மா,

‘வில்’லை ஏற்கிறேன், வளையத்தை நீக்கிவிட்டேன். ஆனால் ‘மேலோட்ட’ என்றால் அக்கறையின்றிச் செய்தது என்ற பொருள் முந்திக்கொள்கிறது. ‘தோலடுத்த வில்’ என்றால் தோலுக்கும் அதற்கும் இடையே உள்ளங்கையின் தடித்த நார்த்தகடு இருப்பது மறைந்துவிடுமா?

— பாடநூல் மொழிபெயர்ப்பாளர்