பொருள்: சுடுகாட்டுப் பாதைக்குப் பணம் இல்லையாம், ஆனால் வரவு 33 லட்சம்?

தோஹாவிலிருந்து, மேலத்தெரு

எல்லாருக்கும் வணக்கம். மே 1 கிராம சபையில் கட்டியிருந்த வரவு செலவு பேனரை மச்சான் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். 2024-25-க்கு நம் ஊராட்சியின் மொத்த வரவு 33 லட்சம் என்று போட்டிருக்கிறது. சுடுகாட்டுப் பாதைக்கு ஓவர்சியர் போட்ட மதிப்பீடு 6 லட்சம்தான். தலைவரிடம் கேட்டால் "நிதி இல்லை தம்பி" என்கிறார். மழை பெய்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்கிறோம். 33 லட்சமும் எங்கே போகிறது?

டொராண்டோவிலிருந்து, வடக்குத்தெரு (ஒன்றிய அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன்)

தம்பி, தலைவர் சொன்னது பொய் இல்லை. போட்டோவை நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த பேனரைப் படிவம் 30 என்பார்கள். அதில் கூட்டுத்தொகையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வரவும் எதற்கென்று வந்தது என்று பார்க்க வேண்டும்.

33 லட்சத்தில் 12 லட்சம் மத்திய 15-வது நிதிக்குழு மானியம். இதில் அறுபது சதவீதம், அதாவது 7.2 லட்சம், குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஆளுக்குப் பாதி என்று கட்டிப்போட்ட பணம். அதில் ரோடு போட்டால் தணிக்கையில் மாட்டுவார்கள். மீதி 4.8 லட்சத்தில் ரோடு போடலாம், சம்பளம் கொடுக்கக் கூடாது. ஆனால் அந்த 4.8 லட்சத்துக்குக் கீழத்தெரு பேவர் பிளாக் என்று முந்தின கிராம சபையிலேயே தீர்மானம் போட்டு, ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றிவிட்டார்கள். egramswaraj.gov.in-இல் நம் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் நீயே பார்க்கலாம். எந்த வேலைக்கு எவ்வளவு பட்டுவாடா ஆனது என்பதும் அதில் வரும்.

அடுத்தது மாநில நிதிக்குழு மானியம் 15 லட்சம், பத்திரப்பதிவிலிருந்து வரும் முத்திரைத்தாள் பங்கு ஒரு லட்சம். இதுதான் ஊராட்சியை ஓட்டுகிற பணம். தெருவிளக்கு, மோட்டார் கரண்ட் பில்லும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் சேர்ந்து 7 லட்சம். தொட்டி ஆபரேட்டர், தூய்மைப் பணியாளர் கூலி 6 லட்சம். கரண்டுக்கும் குடிநீருக்கும் தனி வங்கிக் கணக்கே உண்டு, இரண்டாம் நம்பர் கணக்கு என்பார்கள். அதிலிருந்து வேறு செலவு செய்ய முடியாது.

கடைசியாகச் சொந்த வருமானம் 5 லட்சம். வீட்டு வரியில் 2.5 லட்சம், குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, குளத்து மீன் குத்தகை, வீட்டு வரைபட அனுமதி எல்லாம் சேர்த்து இன்னொரு 2.5. மாநில மானியத்தில் மிஞ்சிய 3 லட்சத்தையும் சேர்த்தால் 8. பல்பு, மோட்டார் காயில் கட்டுவது, குழாய் உடைப்பு, குப்பை வண்டி என்று அதில் 5.5 போய்விட்டது. ஆக, தலைவர் தன் இஷ்டத்துக்கு எடுக்கக்கூடிய பணம் 2.5 லட்சம்தான். அதற்கும் மன்றத்தில் தீர்மானம் வேண்டும், பணம் எடுக்கத் துணைத்தலைவர் ஒப்புதலும் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். வீட்டு வரிக் கேட்பு 4.2 லட்சம், வசூல் 2.5. பாக்கி 1.7 லட்சத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கிற வீடுகள் என்று செயலர் சொல்கிறார். அந்த வீட்டுக்காரர்களில் அநேகம் பேர் இந்த மடற்குழுவில்தான் இருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து, கீழத்தெரு

சித்தப்பா, நூறு நாள் வேலைப் பணத்தை விட்டுவிட்டீர்களே! வருஷத்துக்கு எத்தனை லட்சம் வருகிறது. அதை இந்த ரோட்டுக்குத் திருப்பிவிட வேண்டியதுதானே? எங்கள் பேவர் பிளாக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.

டொராண்டோ

பேவர் பிளாக்கில் யாரும் கை வைக்கவில்லை மாப்ளே, அதை மாற்ற மறுபடி கிராம சபையில் தீர்மானம் வேண்டும்.

நூறு நாள் வேலையில் கூலி நேராக ஆட்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஊராட்சிக் கணக்கைத் தொடுவதே இல்லை. பேனரில் அது இல்லாததற்குக் காரணம் அதுதான். ஆனால் நீ சொன்னதில் பாதி சரி. அந்தத் திட்டத்தில் சிமென்ட் ரோடும் போடலாம். கூலிக்கு அறுபது, சாமான்களுக்கு நாற்பது என்பது கணக்கு. சிமென்ட் ரோட்டில் ஜல்லியும் சிமென்ட்டும்தான் செலவைத் தின்னும், கூலி கொஞ்சம். அதனால் குளம் தூர்வாருவது மாதிரி ஆள் வேலை நிறைய நடந்தால்தான் அந்த நாற்பதில் ரோட்டுக்கு இடம் கிடைக்கும். அந்த இடத்துக்கு ஒன்றியம் முழுக்கப் போட்டி.

குவைத்திலிருந்து, தெற்குத்தெரு

அண்ணாச்சி, வீட்டு வரி என்றதும் கேட்கிறேன். எங்கள் வீடு இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. அவர் காலமாகி வருஷமாகிறது. பட்டா மாற்றினால்தான் வரி கட்ட முடியும் என்று தம்பி சொல்கிறான். தாலுகா ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும்?

டொராண்டோ

பட்டாவும் வீட்டு வரியும் வேறு வேறு. அப்பா பேரிலேயே வரி கட்டலாம், vptax.tnrd.tn.gov.in-இல் வரி எண் போட்டால் பாக்கி வரும். பழைய ரசீது இருந்தால் எண் அதில் இருக்கும், இல்லையென்றால் செயலரிடம் கேள். பேர் மாற்றத்துக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் பாக்கியைத் தீர். கட்டுகிற தொகையில் வரிக்கு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியும் சேர்ந்திருக்கும். 600 ரூபாய் வரி என்றால் 660 கேட்கும். அந்த 60 ஊராட்சிக்கு இல்லை, நூலகத்துக்குப் போகும்.

தோஹா

சரி சித்தப்பா, இப்போது புரிகிறது. பாதையில் சேறாவதே மேலத்தெரு சாக்கடைத் தண்ணீர் ஓடி வந்து நிற்பதால்தான். வடிகால் சுகாதாரத்தில் வராதா? அந்தப் பாதிப் பணம் 3.6 லட்சத்தில் வடிகாலை மட்டும் கட்டச் சொல்லிவிட்டு, ரோட்டை வேறு பணத்தில் போட்டால்?

டொராண்டோ

அப்படித்தான் யோசிக்க வேண்டும். கழிவுநீர் வடிகால் சுகாதாரப் பங்கில் வரும், திட்டத்தில் அந்தத் தலைப்பிலேயே ஏற்ற வேண்டும். ஓவர்சியரின் 6 லட்சத்தில் வடிகாலும் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேள். சேர்ந்திருந்தால் அதைப் பிரித்து இரண்டு மதிப்பீடாகப் போடச் சொல்.

ரோட்டுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையாமல் பொதுமக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 6 லட்சமும் ரோட்டுக்கே என்று வைத்தாலும், நம் ஊர்ச் சங்கம் கட்டுவதாக இருந்தால் அதன் பங்கு 2 லட்சம், வடிகால் தனியாகிவிட்டால் இன்னும் குறையும். ஆனால் பங்குத்தொகையை முதலிலேயே கட்டியாக வேண்டும், "வேலை முடியட்டும், தருகிறோம்" என்பது செல்லாது.

சிங்கப்பூர்

2 லட்சம் நாம் கொடுத்தால் அடுத்த வருஷம் எல்லாத் தெருவும் நம்மிடம்தான் வந்து நிற்கும். வரிப் பாக்கியை எல்லாரும் கட்டினாலே 1.7 லட்சம் வருமே?

டொராண்டோ

வரட்டும். ஆனால் அது ஊராட்சியின் பொதுப்பணம், இந்த ரோட்டுக்கென்று நாம் பேர் எழுதி அனுப்ப முடியாது. சங்கம் பங்கு தருவதா வேண்டாமா என்பதைக் கூடிப் பேசுவோம்.

அதற்கு முன்னால் வேறொரு சிக்கல். பாதையின் கடைசி நூறு மீட்டர் வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு நினைவு. அப்படி இருந்தால் நீர்வளத் துறை தடையில்லாச் சான்று கொடுக்காமல் ஊராட்சி அதில் ஒரு கூடை ஜல்லிகூடப் போட முடியாது. முன்பகுதியே ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா என்றும் பார்க்க வேண்டும். ஊரில் இருக்கிற யாராவது வி.ஏ.ஓ.விடம் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பார்த்து சர்வே எண்ணை அனுப்புங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.

தோஹா

மச்சானைத் திங்கட்கிழமை அனுப்புகிறேன். சித்தப்பா, நீங்கள் சொல்லும் கடைசி நூறு மீட்டர் ஆலமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?