விதானையார் கடிதத்தை மொழிபெயர்த்தால் உளறலாக வருகிறது, அவசரம்

முள்ளியவளைப் பிள்ளை: வந்து கொஞ்ச நாள்தான். அம்மா விதானையாரிடம் வதிவிடக் கடிதம் எடுத்து, படம்பிடித்து அனுப்பினவ. திங்கட்கிழமை கொடுக்கவேணும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் கோழி, கடல் என்று என்னவோ வருகிறது. பதிவிலக்கம் 1689 மட்டும் ஒழுங்காக வந்திருக்கு. செயலிக்குத் தமிழ் தெரியாதோ?

பரந்தன் அண்ணா: எந்த நாடு தங்கச்சி? நான் வந்த வருசம் பனிக்குள் சப்பாத்து இல்லாமல் அலைந்தேன், கடிதம் மொழிபெயர்க்க ஒரு ஆளும் இல்லை. இப்ப எல்லாம் போனில் கிடைக்குது, அதுக்கும் முறைப்பாடு.

மாங்குளத்தான்: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கோ. ஒரு பக்கத்துக்கு வாங்குற காசு வேற கதை.

கொமினிகேசன் அக்கா: காசுக் கதை பிறகு. பிள்ளை, படத்தில் தாள் நேராக நிற்குதா?

முள்ளியவளைப் பிள்ளை: போனைத் திருப்பிப் பிடித்தால் வடிவாக வாசிக்கலாம்.

கொமினிகேசன் அக்கா: அதைத்தான் முதலே சொல்லியிருக்கவேணும். உங்கட கை போனைத் திருப்புது, செயலி திருப்பாது. அது முதலில் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும், அதற்குப் பிறகுதான் மொழிபெயர்க்கும். தாள் பக்கவாட்டில் கிடந்தால் வரி எது என்றே அதற்குப் பிடிபடாமல் ஒற்றை எழுத்தும் கோடுமாகக் கொட்டும். தலைகீழ் இன்னும் மோசம். வரிகள் கிடையாகவே இருப்பதால் ஏதோ எழுத்துகளைச் சொல்லாகக் கோத்துவிடும், மொழிபெயர்ப்பு அந்தக் குப்பையை வசனமாக்கும். மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, பிரித்தெடுத்த தமிழைப் பாருங்கோ. அங்கேயே உளறல் இருக்கும். இலக்கத்தை நம்பாதீங்கோ, 6891 தலைகீழானால் 1689 தான்.

மாங்குளத்தான்: கலரியில் திருப்பிவிட்டால் முடிந்தது.

கொமினிகேசன் அக்கா: பாதி சரி தம்பி. சில போன்கள் படத்தைத் திருப்பாமல், இப்படித் திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதும். அந்தக் குறிப்பைப் பார்க்காத செயலிக்குப் பழைய படமேதான் போகும். திருப்பியபின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, புதுப் பிரதியாகச் சேமித்தால் பெரும்பாலும் சரிவரும்.

பரந்தன் அண்ணா: ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் போதுமே?

கொமினிகேசன் அக்கா: நிமிரும், ஆனால் முத்திரையில் உள்ள சின்ன எழுத்து கலங்கும்.

முள்ளியவளைப் பிள்ளை: அம்மாவிடம் கேட்டேன். 6891 தானாம்! மேசையில் வைத்து எதிர்ப்பக்கம் நின்று எடுத்தவவாம். ஆனால் பள்ளிக்கூடச் சான்றிதழையும் மேசையில் வைத்துத்தான் எடுத்தவ, அது நேராக வந்ததே?

கொமினிகேசன் அக்கா: மேசைக்கு மேலே போனைக் கிடையாகப் பிடித்தால் எது மேல்பக்கம் என்று போனுக்குத் தெரியாது, கடைசியாக எப்படிப் பிடித்தீர்களோ அதையே வைத்துக்கொள்ளும். அதனால் ஒருமுறை சரியும் வரும். தாளைச் சுவரில் கண்மட்டத்துக்கு ஒட்டிவிட்டு, போனை நிமிர்த்திப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கோ. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொகியுமென்றாக அனுப்பினால் எழுத்து மங்காது.

மாங்குளத்தான்: செயலியின் மொழிபெயர்ப்பை அலுவலகம் ஏற்குமோ தெரியாது.

கொமினிகேசன் அக்கா: அதுக்குத்தான் அண்ணா கேட்டவர், எந்த நாடு?